அவசர மெயில்கள் அரிதாக வரும்போது வகைப்படுத்தியை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி: "வாடிக்கையாளர் மெயில்களை அவசரம், வழக்கம், விளம்பரம் என்று மூன்றாகப் பிரிக்கும் நிரல் ஒன்றை உருவாக்கியிருக்கிறேன். 2,000 மெயில்களில் சோதித்தபோது அக்யூரசி 96 சதவீதம் வந்தது. ஆனால் அவசர மெயில்கள் தவறிப்போகின்றன என்று பயன்படுத்துகிறவர்கள் குறை சொல்கிறார்கள். அந்த 2,000-இல் அவசரமானவை 40 தான். ஒவ்வொரு வகைக்கும் பிரிசிஷன், ரீகால் தனித்தனியாகப் பார் என்கிறார்கள். எப்படிப் பார்ப்பது, எந்த எண்ணை நம்புவது?"

உங்கள் 96 சதவீதமும் உண்மை, பயன்படுத்துகிறவர்களின் குறையும் உண்மை; இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. 2,000-இல் 40 என்பது 2 சதவீதம். அந்த 40 மெயில்களையும் உங்கள் நிரல் கோட்டை விட்டாலும் அக்யூரசி அதனால் 2 புள்ளிகளுக்கு மேல் குறைய முடியாது. அவசர மெயில்களின் கதி முழுவதும் அந்த 2 புள்ளிகளுக்குள் அடங்கிவிடுவதால், மீதி 98 சதவீத மெயில்கள் எவ்வளவு நன்றாகப் பிரிக்கப்படுகின்றன என்பதையே அந்த எண் பெரும்பாலும் சொல்கிறது. வாடிக்கையாளர் உதவிப் பிரிவுகளுக்கு வரும் மெயில்களைப் பிரிக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன் என்பதால், இதில் எது உறுதியாகச் சொல்லத்தக்கது, எது ஐயத்துக்குரியது என்பதைப் பிரித்தே எழுதுகிறேன். உங்கள் முடிவுகளின் முழு அட்டவணை கேள்வியில் இல்லை. ஆகவே உங்கள் 96 சதவீதத்தோடு ஒத்துப்போகும் அட்டவணை ஒன்றை நானே எடுத்துக்காட்டாக அமைத்துக்கொள்கிறேன். அந்த இடத்தில் உங்கள் எண்களை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் எடுக்க வேண்டியது கன்ஃபியூஷன் மேட்ரிக்ஸ் எனப்படும் அட்டவணை. பைத்தானில் scikit-learn வைத்திருந்தால் இவ்வளவு போதும்:

```python
from sklearn.metrics import confusion_matrix, classification_report

labels = ["urgent", "normal", "promo"]
print(confusion_matrix(y_true, y_pred, labels=labels))
print(classification_report(y_true, y_pred, labels=labels,
                            digits=3, zero_division=0))
```

இதில் labels என்பதை நாமே கொடுப்பது அவசியம். கொடுக்காவிட்டால் வகைகள் அகரவரிசையில் normal, promo, urgent என்று அடுக்கப்படும். வரிசை மாறியதைக் கவனிக்காமல் முதல் வரியை அவசரம் என்று படித்து மகிழ்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த நூலகத்தில் கிடை வரிசை உண்மையான வகையையும், நெடு வரிசை நிரல் சொன்ன வகையையும் குறிக்கும். வேறு சில கருவிகளில் இது தலைகீழாக இருக்கும். எது எது என்று தெரியாமல் படித்தால் பிரிசிஷனும் ரீகாலும் இடம் மாறிவிடும். நான் அமைத்துக்கொண்ட அட்டவணை இது:

```
            urgent  normal  promo
urgent          14      25      1
normal           6    1334     20
promo            0      24    576
```

மூலைவிட்டத்தில் உள்ள 14, 1334, 576 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 1,924. அதை 2,000-ஆல் வகுத்தால் 96.2 சதவீதம், உங்கள் எண் இதுதான். இப்போது அவசரத்தின் வரிசையை மட்டும் இடமிருந்து வலமாகப் படியுங்கள். உண்மையிலேயே அவசரமான 40 மெயில்களில் 14 மட்டுமே அவசரம் என்று அடையாளம் காணப்பட்டன. 14-ஐ 40-ஆல் வகுத்தால் 35 சதவீதம். அவசர வகையின் ரீகால் அதுவே. பிறகு அவசரத்தின் நெடு வரிசையை மேலிருந்து கீழாகப் படியுங்கள். நிரல் அவசரம் என்று சொன்னவை மொத்தம் 20. அவற்றில் 14 உண்மையானவை. ஆகவே பிரிசிஷன் 70 சதவீதம். வழக்க மெயில்களின் பிரிசிஷன் 96.5, ரீகால் 98.1, விளம்பரங்களுக்கு முறையே 96.5, 96.0. குறை சொல்கிறவர்கள் உணர்வது அந்த 35-ஐத்தான். வந்த அவசர மெயில்களில் மூன்றில் இரண்டு அவர்கள் கண்ணில் படாமல் வழக்க மெயில்களின் குவியலுக்குள் கிடக்கின்றன.

இரண்டையும் நினைவில் நிறுத்த ஒரே வழி, எந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறோம் என்று பார்ப்பதுதான். ரீகால் உண்மையிலிருந்து தொடங்குகிறது: அவசரமாக வந்தவற்றில் எத்தனை பிடிபட்டன? பிரிசிஷன் நிரலின் சொல்லிலிருந்து தொடங்குகிறது: அவசரம் என்று அது எழுப்பிய அழைப்புகளில் எத்தனைக்கு எழுந்து ஓடியது வீண்போகவில்லை? உதவிப் பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்கு முதல் எண் குறைந்தால் வாடிக்கையாளர் பாதிக்கப்படுகிறார். இரண்டாவது குறைந்தால் அவர் நாளடைவில் சிவப்புக் கொடியையே மதிக்காமல் விட்டுவிடுகிறார். இந்த இரண்டாவது பாதிப்பு மெதுவாக வருவதால் சோதனை அறிக்கையில் தெரியாது. இருப்பினும் அது உண்மையான பாதிப்பு.

சராசரிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அறிக்கையின் அடியில் macro avg, weighted avg என்று இரண்டு வரிகள் வரும். மேலே உள்ள எண்களுக்கு weighted avg வரிசையில் ரீகால் 96.2 என்று இருக்கும். அது வேறு பெயரில் வந்த அக்யூரசியே, கணித அடையாளப்படி எப்போதும் அப்படித்தான் இருக்கும். macro avg மூன்று வகைகளையும் சமமாக எடுத்துக்கொள்வதால் ரீகால் 76.4 என்று வரும். அது சற்று நேர்மையான எண். ஆனால் 76 என்பதைப் பார்க்கிறவர் எல்லா வகையும் ஓரளவு நன்றாக நடப்பதாக நினைத்துக்கொள்வாரே தவிர, இரண்டு வகைகள் மிக நன்றாகவும் ஒன்று மிக மோசமாகவும் நடக்கிறது என்று அறியமாட்டார். மூன்று வகைகள்தான் இருக்கின்றன. மூன்று வரிகளைப் படிக்க அரை நிமிடம் போதும். சராசரியை அறிக்கையின் முதல் பக்கத்தில் வைக்க நான் ஒப்புக்கொள்வதில்லை. பிழைகள் எந்தக் கட்டத்தில் குவிகின்றன என்பதையும் எந்தச் சராசரியும் சொல்லாது. தவறிய 26-இல் 25 வழக்க வகைக்குப் போயிருக்கின்றன, விளம்பரத்துக்குப் போனது ஒன்றே ஒன்று. அந்த 25 தாமதமாகவேனும் ஒருவரால் படிக்கப்படும். விளம்பரத்தில் விழுந்த அந்த ஒன்றை யாரும் திறக்காமலே போகலாம். ரீகால் கணக்கில் இரண்டும் ஒரே எடைதான், விளைவில் அப்படியில்லை.

அடுத்து, அந்த 35 சதவீதத்தை விதி என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் நிரல் ஒவ்வொரு மெயிலுக்கும் மூன்று வகைகளுக்கான நிகழ்தகவைக் கணித்து, எது மிகுதியோ அதைச் சொல்கிறது. 2 சதவீதமே வரும் வகை, 68 சதவீதம் வரும் வகையோடு இப்படி நேருக்கு நேர் போட்டியிட்டால் பெரும்பாலும் தோற்கும். அவசரத்துக்கான நிகழ்தகவு 0.35, வழக்கத்துக்கானது 0.60 என்று வந்த ஒரு மெயிலை நிரல் வழக்கம் என்றே சொல்லும். ஆனால் சராசரியாக 0.02 மட்டுமே எதிர்பார்க்க வேண்டிய இடத்தில் 0.35 வந்திருப்பது வலுவான அறிகுறி. எனவே அவசரத்துக்கென்று தனியாக ஒரு வெட்டுப்புள்ளி வைத்து, அதைத் தாண்டியதை எல்லாம் அவசரம் என்று எடுத்துக்கொள்ளலாம்:

```python
import numpy as np

i = list(model.classes_).index("urgent")
p = model.predict_proba(X_val)[:, i]
y_pred = np.where(p >= 0.2, "urgent", model.predict(X_val))
```

எடுத்துக்காட்டை இப்படித் தொடர்கிறேன். வெட்டுப்புள்ளியை 0.2 என்று வைத்தால் 40-இல் 31 பிடிபடுகின்றன. கூடவே 41 வீண் அழைப்புகள் வருகின்றன. ரீகால் 77.5, பிரிசிஷன் 31-ஐ 72-ஆல் வகுத்து 43. இன்னும் இறக்கி 0.1 என்று வைத்தால் 36 பிடிபடுகின்றன, வீண் அழைப்பு 132. ரீகால் 90, பிரிசிஷன் 21. இவற்றில் எது சரி என்று கணிதம் சொல்லாது. நாளொன்றுக்கு 500 மெயில் வருகிறது என்று வைத்துக்கொண்டால் 2,000 என்பது நான்கு நாள் வரத்து. பழைய முறையில் நாளுக்கு 5 சிவப்புக் கொடி, 0.2-இல் 18, 0.1-இல் 42. நாளுக்கு 18-ஐத் திறந்து பார்த்துப் பாதிக்கு மேற்பட்டவற்றை ஒதுக்கிவிட ஒரு குழுவுக்கு ஆள் இருக்கிறதா, 42-க்கு இருக்கிறதா என்பதே கேள்வி. இந்த வடிவத்தில் வைத்தால், பிரிசிஷன் என்ற சொல்லையே கேள்விப்படாத பிரிவுத் தலைவராலும் தெளிவாக முடிவு சொல்ல முடியும். என் அனுபவத்தில் அவர்கள் சொல்லும் முடிவே நிலைக்கிறது. பிரிசிஷனையும் ரீகாலையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லும் எஃப்1 என்ற ஒற்றை எண்ணை உச்சத்துக்குக் கொண்டுபோகும் வெட்டுப்புள்ளியைத் தேடுவது இந்த உரையாடலைத் தவிர்ப்பதற்கான வழியாகவே முடிகிறது. தவறிய ஓர் அவசரமும் வீணான ஓர் அழைப்பும் ஒரே அளவு பாதிப்பு என்று எஃப்1 உங்களுக்காக முடிவுசெய்துவிடுகிறது. அது உங்கள் பணியிடத்தில் உண்மையாக இருக்க வாய்ப்புக் குறைவு.

இங்கே ஒரு விந்தையையும் கவனிக்க வேண்டும். வெட்டுப்புள்ளி 0.2 ஆனபோது வழக்க மெயில்களில் சரியாகப் பிரிந்தவை 1,334-இலிருந்து 1,300 ஆகக் குறைகின்றன என்று வைத்துக்கொள்வோம். விளம்பரம் அதே 576. மொத்தச் சரி 31, 1,300, 576 சேர்ந்து 1,907, அக்யூரசி 95.4 சதவீதம். இதோடு, அவசரம் என்ற சொல்லையே உச்சரிக்காத ஒரு நிரலை ஒப்பிடுங்கள். முதல் அட்டவணையில் அவசரம் என்று சொல்லப்பட்ட 20-ஐயும் வழக்கத்தில் போட்டுவிட்டால் 14 சரி தவறாகிறது, 6 தவறு சரியாகிறது. மொத்தச் சரி 1,916, அக்யூரசி 95.8. அதாவது, 40 அவசரங்களில் 31-ஐப் பிடிக்கும் நிரல், ஒன்றைக்கூடப் பிடிக்காத நிரலைவிட அக்யூரசியில் பின்தங்குகிறது. அக்யூரசியை வைத்து மாதிரிகளைத் தேர்ந்தெடுக்கும் தானியங்கிப் படி ஏதாவது உங்கள் பயிற்சியில் இருந்தால், அது ஒவ்வொரு முறையும் தவறான மாதிரியையே தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கக் கூடும். GridSearchCV பயன்படுத்தினால் scoring என்ற இடத்தில் எதுவும் கொடுக்காதபோது வகைப்படுத்திகளுக்கு அக்யூரசியே அளவுகோலாகிறது. அதை முதலில் பாருங்கள்.

வெட்டுப்புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் தரவும், இறுதியாக அறிவிக்கும் எண்ணைக் கணக்கிடும் தரவும் வேறுவேறாக இருக்க வேண்டும். 40 அவசரங்களைப் பார்த்துப் பார்த்து வெட்டுப்புள்ளியை நகர்த்திவிட்டு அதே 40-இல் ரீகால் சொன்னால், அது பெரும்பாலும் சற்று உயர்த்தியே சொல்லும். அதேபோல் ஒரே உரையாடலின் மெயில்கள் பயிற்சியிலும் சோதனையிலும் பிரிந்து கிடக்கக் கூடாது. அவசர மெயில்கள் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. ஒரே பழுதைப் பற்றி ஒரே ஆள் மூன்று முறை எழுதுவார், முந்தைய மெயில் அடியில் ஒட்டியிருக்கும். இவற்றில் ஒன்று பயிற்சிக்குப் போய் மற்றது சோதனைக்கு வந்தால், அரிய வகையின் ரீகால்தான் மிக அதிகமாக ஏமாற்றும். உரையாடல் எண்ணை வைத்துப் பிரியுங்கள். இயன்றால் கால வரிசையில் பிரியுங்கள்.

இனி ஐயத்துக்குரிய பகுதி. 35 சதவீதம் என்றோ 77.5 சதவீதம் என்றோ சொல்லும்போது, அது 40 மெயில்களை வைத்துச் சொல்லப்படுவது. ஒரு மெயில் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்தால் 2.5 புள்ளி நகரும். எட்வின் வில்சன் 1927-இல் தந்த முறைப்படி 95 சதவீத நம்பக இடைவெளி போட்டால், 40-இல் 14 என்பது ஏறத்தாழ 22 முதல் 50 வரை எங்கும் இருக்கலாம். 40-இல் 31 என்பது 62 முதல் 88 வரை. இரண்டு இடைவெளிகளும் ஒன்றையொன்று தொடவில்லை. ஒரே 40 மெயில்களில் வெட்டுப்புள்ளியை இறக்கினால் பிடிபடுபவை கூடுமே தவிரக் குறையாது என்பதும் சேர்ந்து, 0.2 உண்மையிலேயே அதிகம் பிடிக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் அடுத்த வாரம் புதிதாகப் பயிற்றுவித்த மாதிரி 40-இல் 33 பிடித்தால், அது முன்னேற்றம் என்று சொல்ல இந்தத் தரவு இடம் தராது. 200 அவசர மெயில்களில் 155 பிடிபட்டால் அதே 77.5 சதவீதத்தின் இடைவெளி 71 முதல் 83 வரை சுருங்கும். 2 சதவீதமே வரும் வகையில் 200 வேண்டுமென்றால் 10,000 மெயில்களைப் படித்து முத்திரையிட வேண்டும். இந்தச் செலவுதான் பலரை ஒரு குறுக்குவழிக்குத் தள்ளுகிறது; அந்தக் குறுக்குவழி பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

வழக்க மெயில்கள் மலிந்து கிடக்கின்றன, அவசரங்கள் குறைவு. ஆகவே அவசரம் 40, மற்றவை 40 என்று சமப்படுத்திய ஒரு சோதனைத் தொகுப்பை அமைத்துக்கொள்வோம் என்பதுதான் அது. அப்படிச் செய்தால் ரீகால் மாறாது. அது அவசர வரிசையை மட்டுமே பார்க்கிறது, மற்ற மெயில்கள் எத்தனை என்பது அதற்குத் தெரியாது. பிரிசிஷனோ அடியோடு மாறிவிடும். 0.2 வெட்டுப்புள்ளியில் அவசரமல்லாத 1,960 மெயில்களில் 41 வீண் அழைப்பு எழுந்தது, அதாவது 2.1 சதவீதம். சமப்படுத்திய தொகுப்பில் அவசரமல்லாதவை 40 தான் என்பதால் வீண் அழைப்பு சராசரியாக ஒன்றுகூட வராது. பிரிசிஷன் 97 சதவீதம் என்று அறிக்கை சொல்லும். அதே நிரல், அதே வெட்டுப்புள்ளி. நிஜ வரத்தில் 43. எதிர்த் திசையிலும் இது நடக்கும். உங்கள் பிரிவில் அவசரங்கள் 2 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைந்துவிட்டால், 10,000 மெயில்களில் 50 அவசரம். பிடிபடுபவை ஏறத்தாழ 39, வீண் அழைப்பு ஏறத்தாழ 208. பிரிசிஷன் 16 சதவீதத்துக்கு வந்துவிடும். நிரல் கெட்டுப்போகவில்லை, வரத்தின் கலவை மாறியிருக்கிறது. ஆகவே எந்த விகிதத்தில் அளந்தீர்கள் என்று சொல்லாமல் பிரிசிஷனைச் சொல்வது பாதி விடைதான். சமப்படுத்திய தொகுப்பில் பயிற்றுவிப்பது வேறு விஷயம், அது பயன்படலாம். ஆனால் அப்படிப் பயிற்றுவித்த மாதிரியின் நிகழ்தகவுகள் உயர்ந்தே நிற்கும். பழைய 0.2 அங்கே பொருந்தாது, வெட்டுப்புள்ளியை நிஜக் கலவையில் மீண்டும் தேட வேண்டும். class_weight="balanced" என்று கொடுத்தாலும் இதே கதைதான்.

நிரலை நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகு ரீகாலை எப்படித் தொடர்ந்து பார்ப்பது என்பதே இதில் மிகக் கடினமான இடம். பிரிசிஷன் தானாகவே கையில் வந்துவிடும்: கொடி எழுந்த மெயில்களை எப்படியும் யாரோ திறக்கிறார்கள், அவசரமா இல்லையா என்று ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னால் போதும். கொடி எழாதவற்றை அந்த நோக்கில் யாரும் பார்ப்பதில்லை. தவறியவற்றை அறிய வேண்டுமானால் அந்தக் குவியலுக்குள் கையைவிட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நூறு மெயில் எடுத்தால் ஒன்றும் கிடைக்காது. ஆயிரத்தில் நாலைந்துதான் அதற்குள் இருக்கும். எனவே அவசரத்துக்கென்று நிரல் கணித்த நிகழ்தகவையே மதிப்பெண்ணாக வைத்து அடுக்குகளாகப் பிரித்து எடுக்கிறோம்.

20 வேலைநாள்களில் 10,000 மெயில் வந்ததாகக் கொள்வோம். 0.2-ஐத் தாண்டிக் கொடி எழுந்தவை 360, அவற்றில் உண்மை அவசரம் 155. கொடி எழாத 9,640-இல் மதிப்பெண் 0.05 முதல் 0.2 வரை உள்ளவை 640. அதற்கும் கீழே 9,000. நடு அடுக்கின் 640-இல் 160-ஐக் குலுக்கி எடுத்துப் படிக்கிறோம், 8 அவசரம் அகப்படுகின்றன. நான்கில் ஒரு பங்கைத்தான் பார்த்தோம் என்பதால் அந்த அடுக்கில் ஏறத்தாழ 32 இருக்கும் என்று மதிப்பிடுகிறோம். அடி அடுக்கின் 9,000-இல் 300 படிக்கிறோம், ஒன்றுகூட அகப்படவில்லை. ரீகால் 155-ஐ 187-ஆல் வகுத்து 83 சதவீதம் என்று எழுதிவிட மனம் துடிக்கும். அங்கே நிறுத்த வேண்டும். 300-இல் பூச்சியம் என்பதிலிருந்து நாம் உறுதியாகச் சொல்லக்கூடியது, அந்த அடுக்கின் விகிதம் 95 சதவீத நம்பகத்துடன் 3-ஐ 300-ஆல் வகுத்த அளவுக்கு, அதாவது 1 சதவீதத்துக்கு மேல் இராது என்பது மட்டுமே. 9,000-இல் 1 சதவீதம் 90. அந்த 90-ஐயும் சேர்த்தால் ரீகால் 155-ஐ 277-ஆல் வகுத்து 56 சதவீதம் ஆகிவிடும். ஆக, நமக்குத் தெரிந்தது 56-க்கும் 83-க்கும் இடையே ஏதோ ஓர் இடம் என்பதே. நடு அடுக்கின் 32-க்கும் தனி ஐயம் உண்டு என்பதால் உண்மையில் இன்னும் சற்று அகலம். அடி அடுக்கில் 3,000 படித்தும் பூச்சியமே வந்தால் மேல் எல்லை 9 ஆகச் சுருங்கி, ரீகால் குறைந்தது 79 என்று சொல்ல இயலும். அதற்கு 3,000 மெயில் படிக்க வேண்டும். அவ்வளவு முடியாதபோது நான் செய்வது, வாரந்தோறும் சிறிதளவாகப் படித்துக்கொண்டே வந்து சில மாதங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்வது. அந்தக் காலத்தில் மாதிரியை மாற்றக் கூடாது என்ற கட்டுப்பாடு இதோடு சேர்ந்து வருகிறது. பயன்படுத்துகிறவர்கள் புகார் சொல்லும் மெயில்களையும் சேகரித்து வையுங்கள். அவை ஏன் தவறின என்று அறிய அவற்றைப் போன்ற தரவு வேறில்லை. ஆனால் அவற்றை எண்ணி ரீகால் கணக்கிடாதீர்கள். புகார் வராத தவறுகள் எத்தனை என்பதை அவை சொல்லாது.

கடைசியாக, முத்திரைகளைப் பற்றி. மேலே உள்ள கணக்கு எல்லாம் எது அவசரம் என்பது தெளிவாகத் தெரியும் என்ற எடுகோளின் மீது நிற்கிறது. அந்த எடுகோளை நான் எப்போதும் முதலில் சந்தேகிக்கிறேன். ஒரே 300 மெயில்களை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்துப் பாருங்கள். ஒருவர் 12-ஐ அவசரம் என்கிறார், இன்னொருவர் 10-ஐ. இருவரும் ஒரே குரலில் சொன்னவை 6 என்று வைத்துக்கொள்வோம். மாறுபட்டவை 10 மட்டுமே, ஆகவே 97 சதவீத உடன்பாடு என்று மகிழலாம். அது அக்யூரசி செய்த அதே ஏமாற்று. முதலாமவரின் முத்திரையை உண்மை என்று வைத்து இரண்டாமவரை ஒரு வகைப்படுத்தியைப் போல மதிப்பிட்டால், அவருடைய பிரிசிஷன் 60, ரீகால் 50. மனிதர்களுக்கு இடையே 50 என்றால், நிரலிடம் 90 கேட்பதில் பொருளில்லை. அங்கே நிரலைத் திருத்துவதற்கு முன் வரையறையைத் திருத்த வேண்டும். "அவசரம் போலத் தோன்றுவது" என்பதற்குப் பதிலாக "இரண்டு மணி நேரத்துக்குள் யாரும் கை வைக்காவிட்டால் வாடிக்கையாளரின் வேலை நின்றுவிடும்" என்பது போன்ற ஒரு சோதனையைக் கொடுத்தபோது, நான் வேலை செய்த ஒரு குழுவில் முத்திரையிட்டவர்களின் கருத்து வேறுபாடு கண்கூடாகக் குறைந்தது. தலைப்பில் "அவசரம்" என்று எழுதிவிட்டு அடுத்த மாதத்து விவரம் கேட்கும் மெயில்கள் அந்த வரையறையில் தாமே விலகின. ஒரு வரியில் "நேற்றிலிருந்து உள்ளே நுழைய முடியவில்லை" என்று பதறாமல் எழுதியவை உள்ளே வந்தன. பழைய முத்திரைகளில் நிரல் தவறவிட்டதாகக் கணக்கில் இருந்த சிலவற்றைத் திரும்பப் படித்தபோது, அங்கே நிரல் சொன்னதே சரி என்று தெரிந்தது. உங்கள் அட்டவணையில் தவறிய மெயில்களையும் வீண் அழைப்புகளையும் நீங்களே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படியுங்கள். என் எடுத்துக்காட்டின்படி 26-உம் 6-உம் சேர்ந்து 32 மெயில்கள்தான், ஒரு மணி நேர வேலை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் நிரல் தவறா, முத்திரை தவறா, வரையறை மங்கலா என்று குறித்துக்கொண்டு வாருங்கள். வரையறை மங்கல் என்ற குறிப்பே மிகுதியாக வந்தால் வெட்டுப்புள்ளியில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம்.